தலைகீழா, வரிசை கலைஞ்சு வந்த கூர்சீட்டு ஸ்கேன்: எப்படி அடுக்கினேன்

தட்டச்சு மீனா
பழைய பத்திரமெல்லாம் டைப் பண்ணிக் குடுக்கிற வேலை எனக்கு. போன வாரம் ஒரு குடும்பத்துக் கூர்சீட்டு, அதாவது சொத்தை யார் யாருக்கு என்ன பங்குன்னு பிரிச்சு எழுதின பத்திரம், வாட்ஸ்அப்ல வந்துச்சு, மொத்தம் 11 படம், பக்க நம்பர் எதுலயும் கிடையாது, 5 படம் தலைகீழ். முதல்ல எல்லாத்தையும் நேரா திருப்பி வச்சுட்டேன், அதான் நான் பண்ண தப்பு. தலைகீழா இருந்ததே ஒரு துப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. மேல நூல் கட்டுற தாளை நாம மேல்பக்கமா புரட்டித்தானே பின்பக்கம் எழுதுவோம், அதை ஒருத்தர் புத்தகம் மாதிரி பக்கவாட்டுல திருப்பி ஸ்கேன் பண்ணா பின்பக்கம் மட்டும் தலைகீழாத்தான் வரும். அப்போ நேரா வந்த 6 முன்பக்கம், தலைகீழ் 5 பின்பக்கம், கடைசித் தாள் பின்னாடி வெத்து. கணக்கு சரியா வந்துச்சு.

எந்தப் பின்பக்கம் எந்தத் தாளுக்குன்னு கண்டுபிடிக்க பூச்சி அரிச்ச ஓட்டைதான் உதவுச்சு. நிமித்தி வச்சுப் பாத்தா, முன்பக்கத்துல வலது ஓரம் மேல இருக்கிற ஓட்டை பின்பக்கத்துல அதே வலது ஓரம், ஆனா கீழ இருக்கும். அப்படி ஜோடி சேத்துட்டேன். ஆனா ரெண்டு தாள் "மேற்படி கிராமத்தில்"னே ஆரம்பிக்குது, யாரோட பங்குன்னு பேரே இல்ல. அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

கார்த்தி_மதுரை
ரொம்ப யோசிக்காதீங்க அக்கா, பைல் நேம்ல `WA0007` `WA0008`னு இருக்கும்ல, அந்த நம்பர்படி அடுக்குங்க, முடிஞ்சுது.

தட்டச்சு மீனா
அது எனக்கு வந்து சேர்ந்த வரிசைதான் தம்பி. படத்தை அனுப்பினவர் கேலரில கண்டபடி டிக் பண்ணி அனுப்பிருக்கார். படம் எடுத்த நேரத்தையும் வாட்ஸ்அப் கழட்டிடுது. டாக்குமெண்டா அனுப்பியிருந்தா பழைய பேராவது அப்படியே வந்திருக்கும்.

ஆபீஸ் ரவி
எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். தட்டுல கட்டா வச்சா தானே இழுக்கிற ஸ்கேனர், ஆனா ஒரு பக்கம்தான் எடுக்கும். முன்பக்கம் எல்லாம் ஒரு பைல், கட்டை அப்படியே கவுத்திப் போட்டா பின்பக்கம் எல்லாம் கடைசில இருந்து ஆரம்பிச்சு இன்னொரு பைல். இதை qpdf ப்ரோகிராம்ல ஒரே வரில சேத்துடலாம், `z-1` தான் ரெண்டாவது பைலைத் திருப்பிப் படிக்கும்:

```
qpdf --collate --empty --pages odd.pdf even.pdf z-1 -- all.pdf
```

போடறதுக்கு முன்னாடி ரெண்டு பைல்லயும் பக்க எண்ணிக்கை ஒண்ணாங்கிறதைப் பாத்துடுங்க. ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு ஒண்ணா போயிருந்தா அந்த இடத்துல இருந்து மொத்தமும் ஒண்ணு ஒண்ணா தள்ளிப் போயிடும்.

தட்டச்சு மீனா
ரவி சார், என்னோடது தனித்தனி போட்டோ, ஆனா இதைக் குறிச்சு வச்சுக்கிறேன்.

செல்வி
ரிஜிஸ்டர் ஆபீஸ் சீல்ல இத்தனாவது தாள்னு போட்டிருப்பாங்களே, அதைப் பாக்கலையா?

பத்திர எழுத்தர் (ஓய்வு)
அம்மா, பதிஞ்ச பத்திரத்துக்கு நீங்க சொல்றது சரி. கூர்சீட்டு பெரும்பாலும் பதியாம வீட்டுக்குள்ளயே எழுதி வச்சுக்கிறது, அதுல சீல் எங்க இருக்கும்?

மீனா, கூட்டிப் பாத்தியா? ஒவ்வொரு பங்கு முடிவுலயும் "ஆக மொத்தம்"னு எழுதாம விட மாட்டோம்.

தட்டச்சு மீனா
அண்ணே, இப்பதான் கூட்டினேன். ஏ பங்குல தலைப்பு இருக்கிற தாள்ல 1 ஏக்கர் 10 சென்ட், பி பங்குல 85 சென்ட். பேரில்லாத தாள் ஒண்ணுல 70 சென்ட், கீழ மொத்தம் 1 ஏக்கர் 55. இன்னொண்ணுல 52 சென்ட், மொத்தம் 1 ஏக்கர் 62. 85ம் 70ம் 155, அது பி. 110ம் 52ம் 162, அது ஏ. மாத்திப் போட்டா ரெண்டுமே இடிக்குது. ஓட்டையும் அதையேதான் சொல்லுது, முதல் தாள்ல புளியங்கொட்டை அளவு, அப்புறம் தாளுக்குத் தாள் சின்னதாகி ஆறாவதுல கடுகு மாதிரி ஒரு புள்ளி.

பத்திர எழுத்தர் (ஓய்வு)
கூட்டுத்தொகையை நம்பு, ஓட்டையை மட்டும் தனியா நம்பிடாதே. கட்டு கலைஞ்சு தப்பா அடுக்கினதுக்கு அப்புறம் பூச்சி அரிச்சிருந்தா அது அந்தத் தப்பு வரிசையைத்தான் காட்டும். ஒண்ணு கேக்குறேன், ஓட்டை ஒரே சீரா சின்னதாகுதா, எங்கயாவது குதிக்குதா?

தட்டச்சு மீனா
குதிக்குது அண்ணே. முதல் தாள்ல புளியங்கொட்டை, ரெண்டாவதுல சட்டுனு மிளகு. அதுக்கப்புறம் கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறையுது. இன்னொண்ணு, முதல் தாள் பின்பக்கம் "மேலும் நம்மில் மூத்தவர்"னு பாதில நிக்குது, ரெண்டாம் தாள் நேரா ஏ பங்குத் தலைப்புல ஆரம்பிக்குது. எழுதினவர் விட்டுட்டாரோன்னு நினைச்சேன்.

பத்திர எழுத்தர் (ஓய்வு)
விட்டிருக்க மாட்டார். நடுவுல ஒரு தாள் வரலை, ரெண்டாவும் இருக்கலாம். மூத்தவருக்கு ஏதோ தனியா ஒதுக்கின விஷயம் அதுல இருக்கு, அது இல்லாம டைப் பண்ணிக் குடுத்துடாதே.

தட்டச்சு மீனா
அந்தக் குடும்பத்து அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். அவ்வளவுதான் இருந்துச்சுங்கிறார். பெட்டியை இன்னொரு தடவை தேடச் சொல்லிருக்கேன், அது வரைக்கும் அந்த இடத்துல "தாள் காணப்படவில்லை"ன்னு குறிச்சு நிறுத்தி வச்சிருக்கேன்.