ஒன்றுகூடல் தொண்டர்கள்: நேரம், வேலை, பிந்தினால் யாருக்கு அழைப்பது

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மோர்னிங்சைட் பூங்காவில் நிற்கப்போகும் தொண்டர்களுக்கு இன்று தனித்தனியாக மடல் போட்டிருக்கிறேன். குழுவில் பொதுவாகக் கேட்டால் "எல்லாரும் வருவோம்" என்றுதான் பதில் வரும். கிடாரத்தை யார் ஏற்றிவருகிறார் என்பது அதில் தெரியாது. பதில் போடும்போது வெறும் 'சரி' வேண்டாம். உங்கள் வேலையையும் வந்து நிற்கும் நேரத்தையும் நீங்களே எழுதி அனுப்புங்கள். நேற்று 'சரி' சொன்ன ஒருவரிடம் திரும்பக் கேட்டபோது, அவர் 11 மணி என்று நினைத்திருந்தார். அது அழைப்பிதழில் உள்ள நேரம், விருந்தினருக்கானது.

கூழை வைத்தே சொல்கிறேன். 1 மணிக்குப் பரிமாற வேண்டுமென்றால் 10:30க்கு அடுப்பு எரிய வேண்டும். அதற்குள் மரவள்ளியும் பயற்றங்காயும் நறுக்கி, நண்டு கழுவி முடிய வேண்டும். ஆகவே அடுப்பும் கிடாரமும் 9 மணிக்கு, நறுக்குபவர்கள் 9:15க்கு. 25 பேருக்கு மேல் கூடுவதற்கு நகரசபையின் அனுமதி வேண்டும் என்பதால், பத்திரம் வைத்திருக்கும் பொருளாளர் 8:30க்கே நிற்பார். பரிமாறுபவர்கள் 12:15க்கு வந்தால் போதும்.

கால்மணி நேரத்துக்கு மேல் பிந்தும் என்று தெரிந்த உடனேயே தரிப்பிடத்தில் நிற்கும் தம்பிக்கு அழையுங்கள். கூழ் அக்காவுக்கு வேண்டாம், அவர் கை நண்டுக்குள் இருக்கும். எனக்கும் வேண்டாம், 11 மணியிலிருந்து என் கையில் ஒலிவாங்கி. தம்பி எடுக்காவிட்டால் பொருளாளர். இருவரின் எண்ணும் உங்கள் தனி மடலில் உண்டு. வாகனம் ஓட்டுபவர் தானே போனைக் கையில் எடுக்காமல், பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லட்டும்.

செயலாளர்

---

தம்பி, இவ்வளவு விரிவாக எழுதத் தேவையில்லை. எங்கட சனத்தைத் தெரியும்தானே. எல்லாருக்கும் 8 மணி என்று சொல்லிவிடும், 9 மணிக்கு வந்து சேருவார்கள். முப்பது வருடமாக இப்படித்தான் கலியாண வீடுகள் நடக்கின்றன.

மிசிசாகாவிலிருந்து, உங்கள் பழைய தலைவர்

---

அண்ணை சொல்வதில் பாதி உண்மைதான், சனம் பிந்தும். ஆனால் சொன்ன நேரத்துக்கே வருகிற நாலு பேர் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு மணி நேரம் புல்லில் சும்மா நின்றால் அடுத்த முறை பெயர் கொடுக்க மாட்டார்கள். போன தடவை நறுக்க வந்த பிள்ளைகள் இரண்டு பேர் இந்த முறை இல்லை, காரணம் அதுதான்.

இன்னொன்று. ஒடியல் மாவை நான் வீட்டிலேயே ஊறவைத்து, மேல் தண்ணீரை ஊற்றிக் கசப்பை எடுத்துக்கொண்டு வருவேன். கரைத்த மாவைக் கடைசியில்தான் விடுவது, அதனால் நான் கொஞ்சம் பிந்தினாலும் சமாளிக்கலாம். கிடாரம் பிந்தினால் ஒன்றும் செய்ய முடியாது. கிடாரக்காரருக்கு மட்டும் சனிக்கிழமை இரவு ஒருமுறை நேரில் பேசுங்கள், மடல் காணாது.

நறுக்க வரும் பிள்ளைகளில் ஒருவர் சப்வேயில் வருகிறார். ஞாயிறுகளில் ரயில் 8 மணியளவில்தான் ஓடத் தொடங்கும், பிறகு பஸ்ஸும் பிடிக்க வேண்டும். அவருக்கு 9:15 சரிவராது.

கூழ் அக்கா

---

நாங்கள் மொன்றியலில் இருந்து இரண்டு குடும்பம். காலையில் வெளிக்கிட்டால் நிற்காமல் ஓடினாலும் ஐந்தரை மணி நேரம், பிள்ளைகளோடு ஆறரை. 401இல் ஸ்காபரோவுக்குக் கிட்ட வாகனங்கள் தேங்கினால் எத்தனை மணியாகும் என்று சொல்ல முடியாது. எங்களுக்குக் கயிறிழுத்தல் தந்திருக்கிறீர்கள், 1:30. அதைச் செய்யலாம் என்று வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

---

தம்பி, 9 மணி என்றால் லண்டனில் பின்னேரம் 2 மணியா? நேரலை இணைப்பை எனக்கும் அனுப்பிவிடும்.

---

லண்டன் மாமாவுக்கு: 9 மணி வேலையாட்களுக்கு, மாமா. அப்போது இணைத்தால் வெங்காயம் உரிப்பதைத்தான் பார்ப்பீர்கள். விளையாட்டுப் போட்டி இங்கே 1:30, உங்களுக்கு மாலை 6:30.

மொன்றியல் அண்ணாவுக்கு: கயிறிழுத்தலை இங்குள்ள ஒருவருக்கு மாற்றிவிட்டேன். உங்களுக்குப் பரிசளிப்பு மேசை, 4 மணி. கிங்ஸ்டனில் தேநீருக்கு நிற்கும்போது தம்பிக்கு ஒரு அழைப்பு எடுத்து நிலைமையைச் சொல்லுங்கள். அங்கிருந்து இன்னும் இரண்டரை மணி நேர ஓட்டம் இருப்பதால், தேவைப்பட்டால் வேறு ஆள் பார்க்க எங்களுக்கு அவகாசம் கிடைக்கும்.

சப்வே பிள்ளையை 12:15 பரிமாறலுக்கு மாற்றினேன், அவரும் நேரத்தை எழுதி அனுப்பிவிட்டார். நறுக்குவதற்கு ஒரு ஆள் குறைகிறது. கிடாரக்காரருடன் சனி இரவு 8 மணிக்குப் பேசுகிறேன். பழைய தலைவரின் ஒரு மணி நேரக் கணக்கை இந்த முறை எடுக்கவில்லை, அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

6 மணிக்குத் துப்பரவு வேலைக்கு ஐந்து பேர் வேண்டும். எழுத்தில் நேரம் போட்டவர்கள் இதுவரை இரண்டு பேர்தான். மற்ற மூவரும் இன்னும் 'சரி'யில் நிற்கிறீர்கள்.

செயலாளர்