போஸ் மாறக்கூடாது, உடை மட்டும் முழுசா மாறணும். கண்ட்ரோல்நெட்டில் சிக்கல்

கயல்
அவசரம், யாராவது சொல்லுங்க. குட்டை ஜாக்கெட், ஜீன்ஸ் போட்டுக் கை கட்டி நிற்கிற தோழியோட போட்டோ இருக்கு. என் கதைக்கு அவங்கதான் மாடல். Stable Diffusion-ல படம் பண்றேன். அதே நிலையில், தரை வரை விழுகிற அங்கி வேணும், கையெல்லாம் அகலமா. ப்ராம்ப்ட்டில் தெளிவா எழுதியும் அங்கி இடுப்போட நின்னுடுது, கீழே ரெண்டு கால் தனித்தனியா தெரியுது. வெயிட்டைக் கூட்டினா இன்னும் மோசம்.

மதி
எந்த ஏஐ மாடல்? எந்த ப்ரீப்ராசசர்? img2img-ஆ, txt2img-ஆ? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

செந்தூரன்
வாரா வாரம் இதே கேள்வி. SD 1.5-க்கான கண்ட்ரோல்நெட் கோப்பை SDXL-உடன் போட்டிருப்பீர்கள். கேட்பதற்கு முன் கோப்பின் பெயரைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும்.

கயல்
SD 1.5 தான், கோப்பும் control_v11p_sd15_openpose. img2img, Denoising strength 0.5. போஸை எலும்புக்கோடா எடுக்க openpose_full ஒரு யூனிட், கை விலகாம இருக்க canny இன்னொரு யூனிட்.

இளவேனில்
செந்தூரன் சார், கோப்பு பொருந்தாவிட்டால் பிழை வரும், இல்லையென்றால் போஸே நிற்காது. இங்கே போஸ் நிற்கிறது, உடைதான் மாறவில்லை. அதனால் காரணம் வேறு.

கயல், கேனி விளிம்புகளைப் பிடிக்கிறது. ஜாக்கெட்டின் கீழ் ஓரமும் ஜீன்ஸின் இரண்டு பக்கமும் அதற்கு விளிம்புதான். ப்ராம்ப்ட்டில் அங்கி என்று எழுதினாலும் ஜாக்கெட் ஓரத்தில்தான் துணி முடியும். அந்த யூனிட்டை எடுத்துவிடுங்கள். அடுத்தது 0.5. அந்த அளவில் பழைய படத்தின் நிறமும் நிழலும் நிறையத் தங்கிவிடும். முகம் அதேதான் வேண்டும் என்றில்லாவிட்டால் txt2img-க்குப் போய் ஓப்பன்போஸ் மட்டும் வைத்துப் பாருங்கள். எலும்புக்கோட்டில் துணியைப் பற்றி எதுவும் இல்லை, உடையை மாற்ற அதுதான் வசதி.

கால் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலும்புக்கோட்டு வரைபடத்தில் முட்டியும் கணுக்காலும் இருந்தால் மாடல் அவற்றை வெளியே காட்டப் பார்க்கும். எடிட்டரில் அந்தப் புள்ளிகளை நீக்கி, இடுப்பை மட்டும் விட்டுவையுங்கள்.

நிலவன்
எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணா. நடன வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உடை நிறம் மாறுது. சீடை நிலையா வச்சாலும் துடிக்குது.

மதி
அது வேற பிரச்சினை நிலவன், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தொடர்ச்சி இல்லாததால வருது. தனி இழை போடுங்க.

இளவேனில், txt2img போனா முகம் போயிடுமே. இன்பெயின்ட்தான் சரி. உடையை மட்டும் மாஸ்க் பண்ணி 0.9 வைங்க.

செந்தூரன்
மாஸ்க் ஜாக்கெட் அளவுக்கு இருந்தால் அங்கியும் ஜாக்கெட் அளவுக்குத்தான் வரும். நான் இருபது முறை சொல்லியிருக்கிறேன், txt2img-இல் செய்துவிட்டு முகத்தைப் பின்னால் பொருத்துங்கள்.

மதி
மாஸ்க்கைப் புது உடை போகிற இடம் வரைக்கும், தரையையும் சேர்த்து, பெருசா வரையணும்னுதான் சொல்றேன். Masked content-ஐ latent noise-க்கு மாத்தினா பழைய ஜீன்ஸ் நிறமும் ஒட்டாது. முகம் மட்டும் பிறகு பொருத்தினா கழுத்துகிட்ட வெளிச்சம் ஒட்டாம நிக்கும்.

செந்தூரன்
அவ்வளவு பெரிய மாஸ்க் போட்டால் பின்னணியும் போய்விடும். பிறகு என்ன மிச்சம்?

கயல்
கேனியை எடுத்துட்டு txt2img பண்ணினேன், அங்கி தரை வரைக்கும் வந்துடுச்சு! ஆனா கை கட்டு தலைகீழா வருது, இடது கை மேலே. சில படத்தில் ஒரு கை காணவே காணோம்.

இளவேனில்
முதலில் வரைபடத்தின் முன்னோட்டத்தைப் பாருங்கள். வலது முன்கை மஞ்சள், இடது முன்கை பச்சை. கை கட்டும்போது மணிக்கட்டு மறைவதால் அந்தப் புள்ளியே விடுபட்டிருக்கலாம். dw_openpose_full போட்டுப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் கையால் வையுங்கள்.

எந்தக் கை முன்னால் என்பது வேறு விஷயம். ஓப்பன்போஸ் தட்டையான படம், அதில் ஆழம் கிடையாது, எத்தனை முறை ஓட்டினாலும் அது தானாகத் தெரியாது. அதற்கு டெப்த் யூனிட் வேண்டும். ஆனால் போட்டோவிலிருந்து எடுத்தால் ஜாக்கெட்டின் உருவம் மறுபடி வந்துவிடும். உடையில்லாத ஒரு 3D பொம்மையை அதே நிலையில் நிறுத்தி அதன் டெப்த்தை எடுங்கள். படம் ஏற்கெனவே டெப்த் என்பதால் ப்ரீப்ராசசர் none. Control Weight 0.6, Ending Control Step 0.3 என்று தொடங்குங்கள். கைகளின் இடம் முதல் ஸ்டெப்களிலேயே முடிவாகிவிடும், பிறகு துணி விரிய இடம் கிடைக்கும். 0.3-ஐ ஏற்றிக்கொண்டே போனால் அங்கி உடலோடு ஒட்டி இறுகத் தொடங்கும். அது தெரிந்ததும் இறக்குங்கள்.

மதி
முட்டிப் புள்ளியை எடுத்தா எனக்கு ஆள் உயரமே குறையுது. படம் தொடையோட வெட்டுது. உங்களுக்கு அப்படி ஆகலையா?

இளவேனில்
சில மாடல்களில் ஆகும். கணுக்காலை விட்டுவைத்து முட்டியை மட்டும் நீக்கிப் பார்த்தேன், அதுவும் எப்போதும் சரியாக வரவில்லை.

கயல்
பொம்மை டெப்த் வேலை செய்யுது, வலது கை மேலே வந்துடுச்சு. 0.35-ல வச்சிருக்கேன். விரல் மட்டும் இன்னும் ஆறு வருது. நன்றி இளவேனில், மதி.