கணக்கில் 17,940 ரூபாய் இருந்தும் இஎம்ஐ பவுன்ஸ்: தப்பு யார் பக்கம்?

வேளச்சேரி வண்டிக்காரன்
வண்டிக் கடன் இஎம்ஐ 4,310 ரூபாய், மாதாமாதம் 5ஆம் தேதி ஆட்டோ டெபிட். 2025 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை எடுக்க வந்தது பவுன்ஸ். அன்றைக்குக் கணக்கில் 17,940 ரூபாய் இருந்தது. கடன் கொடுத்த கம்பெனி 590 ரூபாய் அபராதம் கேட்கிறது. வங்கி தன் பங்குக்குப் பிடித்தது இது:

```
06/10/25  ACH RTN CHRG 051025   295.00 DR   17,645.00
```

யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மொட்டைமாடிக் காத்து
ஞாயிற்றுக்கிழமை வங்கி ஏது? லீவு நாளில் எடுக்க வந்தது அவர்கள் தப்பு. 295 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள்.

ரிட்டயர்டு கேஷியர்
அது பழைய கதை தம்பி. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை எல்லா நாளும் ஆட்டோ டெபிட்டை நடத்தும் நாச் முறை ஓடுகிறது. ஞாயிறைக் காட்டி வாதாட முடியாது.

வண்டிக்காரத் தம்பிக்கு: அந்த 295 ரூபாய் வரியே ஒரு சாட்சி. வங்கி கட்டணம் பிடித்திருக்கிறது என்றால் டெபிட் கோரிக்கை உங்கள் கணக்குவரை வந்து திரும்பியிருக்கிறது. கணக்கு எண் தவறாக இருந்தால் உங்கள் ஸ்டேட்மென்டில் ஒரு வரிகூட விழாது. ஆனால் ஏன் திரும்பியது என்பது இந்த வரியில் இல்லை. "பவுன்ஸ் ஆனது" என்ற எஸ்எம்எஸ்ஸும் போதாது. கடன் கம்பெனியிடம் ரிட்டர்ன் காரணத்தையும், மேண்டேட்டின் அடையாள எண்ணான UMRN-ஐயும் எழுத்தில் கேளுங்கள். மேண்டேட் என்பது ஆட்டோ டெபிட்டுக்கு நீங்கள் கொடுத்த ஒப்புதல். உங்கள் மேண்டேட்டில் உள்ள அதே UMRN தானா என்று ஒத்துப் பாருங்கள்.

கருப்பட்டி காபி
எனக்கும் இப்படித்தான் ஆனது. வீட்டுக் கடன் வட்டி ஏறி இஎம்ஐ கூடிப்போனது. மேண்டேட்டில் எழுதிய அதிகபட்சத் தொகையை அது தாண்டிவிட்டது. கணக்கில் லட்ச ரூபாய் கிடந்தும் திரும்பியது. புது மேண்டேட் போட்டதும் சரியானது. உங்களுக்கும் அதேதான், மேண்டேட்டை மாற்றுங்கள்.

ரிட்டயர்டு கேஷியர்
அம்மா, உங்கள் கணக்கில் வங்கி கட்டணம் பிடித்ததா?

கருப்பட்டி காபி
இல்லை சார், கடன்காரர்கள் மட்டும்தான் பிடித்தார்கள்.

ரிட்டயர்டு கேஷியர்
அங்கேதான் வித்தியாசம். மேண்டேட் கோளாறில் திரும்பினால் பெரும்பாலும் வங்கி கட்டணம் போடாது. பணம் போதவில்லை என்றால்தான் போடும். எல்லா வங்கியிலும் அப்படியே என்று சத்தியம் செய்ய மாட்டேன். தம்பியின் இஎம்ஐயும் மாறவில்லை.

வேளச்சேரி வண்டிக்காரன்
காரணம் வந்துவிட்டது. UMRN ஒத்துப்போகிறது.

```
Return reason: 04 - BALANCE INSUFFICIENT
```

17,940 ரூபாயில் 4,310 போதாதாம்! அப்போ வங்கியின் தப்புதானே?

ரிட்டயர்டு கேஷியர்
அவசரப்படாதீர்கள். நெட் பேங்கிங்கில் கணக்கு விவரத்தைத் திறந்து Available Balance என்னவென்று பாருங்கள். பக்கத்தில் Lien அல்லது Hold என்று ஏதாவது தொகை இருக்கிறதா? ஸ்டேட்மென்டில் அது வராது. பணம் வெளியே போகாமல் பூட்டி வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அந்த வாரம் ஐபிஓ ஏதாவது போட்டீர்களா?

வேளச்சேரி வண்டிக்காரன்
ஐயோ, போட்டேன் சார். வெள்ளிக்கிழமை 3ஆம் தேதி, ஒரு லாட், 14,820 ரூபாய். யுபிஐயில் பின் போட்டு ஒப்புதல் கொடுத்தேன். Hold என்று அதே தொகை காட்டுகிறது. பணம் இன்னும் கணக்கில்தானே கிடக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

ரிட்டயர்டு கேஷியர்
கிடக்கிறது, ஆனால் கை வைக்க முடியாது. 17,940இல் 14,820 போனால் 3,120. இஎம்ஐக்கு 1,190 ரூபாய் குறைவு. வங்கி கொடுத்த காரணம் சரி, மேண்டேட்டும் சரி. 295 ரூபாய்க்குப் புகார் எழுதினாலும் நிற்காது.

மொட்டைமாடிக் காத்து
ஐபிஓவுக்குப் பூட்டும்போதே வங்கி இஎம்ஐ இருக்கிறதென்று எச்சரிக்க வேண்டாமா?

ரிட்டயர்டு கேஷியர்
எச்சரித்தால் நல்லதுதான். எனக்குத் தெரிந்து கடமை ஒன்றும் இல்லை.

தம்பி, இஎம்ஐயை அவர்கள் லிங்கில் கட்டிவிட்டீர்களானால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதத் தவணைக்கு இரண்டாம் முறை ஆட்டோ டெபிட் அனுப்புவார்களா என்றும் எழுத்தில் கேளுங்கள். சிலர் அனுப்புகிறார்கள். அதுவும் திரும்பினால் இன்னொரு 295.

வேளச்சேரி வண்டிக்காரன்
கட்டிவிட்டேன். இரண்டாம் முறை பற்றிக் கேட்டால் "சிஸ்டம் முடிவு செய்யும்" என்கிறார்கள். 590ஐக் குறைக்கவும் மாட்டார்களாம்.

இன்னொன்று சார். ஐபிஓ 7ஆம் தேதி முடிந்தது, எனக்கு ஒதுக்கீடு இல்லை என்று 8ஆம் தேதியே மெயில் வந்துவிட்டது. இன்று 10. Hold இன்னும் 14,820 காட்டுகிறது.

ரிட்டயர்டு கேஷியர்
9ஆம் தேதியே விடுபட்டிருக்க வேண்டும். இப்போது இன்னொரு டெபிட் வந்து திரும்பினால் அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. Hold தொகையும் இன்றைய தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இன்றே வங்கிக்கு எழுதுங்கள். ஐபிஓவின் பதிவாளர் விடுவிக்கச் சொல்லவில்லையா, சொல்லியும் வங்கி விடவில்லையா என்பது அவர்கள் பதிலில்தான் தெரியும். வந்ததும் இங்கே போடுங்கள்.