சூப்பர் டேக்கிளுக்கு 2 புள்ளி, உள்ளே வந்தது ஒருத்தி மட்டும்: நடுவர் செய்தது சரியா?

நிலா அம்மா:
என் மகள் இந்த வருஷம்தான் பள்ளிக் கபடி அணியில் சேர்ந்தாள். எனக்கு விதிகள் ஒன்றும் தெரியாது. நேற்று ஒரு கட்டத்தில் எங்கள் பக்கம் 4 பேர் களத்தில், 3 பேர் வெளியே. முதலில் அவுட் ஆனது கேப்டன், இரண்டாவது என் மகள். எங்கள் ரெய்டர் போய் போனஸ் எடுத்தாள், யாரும் உள்ளே வரவில்லை. அப்புறம் இன்னொருத்தி அவுட். மீதி 3 பேரும் சேர்ந்து எதிரணி ரெய்டரைப் பிடித்தார்கள். 2 புள்ளி தந்தார்கள், ஆனால் கேப்டன் மட்டும்தான் உள்ளே வந்தாள். சற்று நேரம் கழித்து அதே கேப்டன் ரெய்டு போனாள், அவளை யாரும் பிடிக்கவில்லை, பத்திரமாகத் திரும்பி வந்தாள். அவளுக்கு அவுட் கொடுத்துவிட்டார்கள்! 3 புள்ளி எடுத்தும் என் மகள் வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள். இது சரியா?

கபடிப் பைத்தியம்:
சரியில்லை அக்கா. ஒரு புள்ளிக்கு ஓர் ஆள் உள்ளே வரணும், இதுதான் கணக்கு. போனஸுக்கு மட்டும் ஆள் வராது, அதை விடுங்கள். சூப்பர் டேக்கிளுக்கு 2 புள்ளி என்றால் 2 பேர் வந்திருக்கணும், கேப்டனும் உங்கள் மகளும். கடைசி ரெய்டு டூ ஆர் டையாக இருக்கும். ஆனால் அது ஒரே ரெய்டர் இரண்டு தடவை சும்மா திரும்பி வந்தால் அவருக்கு மூன்றாவது தடவை வருவது. கேப்டன் அப்போதுதானே உள்ளே வந்தாள்? அவளுக்கு எப்படி டூ ஆர் டை வரும்? கோச்சிடம் சொல்லிப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய கார்னர்:
புகார் கொடுத்தால் கோச்தான் தலைகுனிய வேண்டியிருக்கும், தம்பி. நடுவர் மூன்று இடத்திலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அம்மா, புள்ளியையும் ஆளையும் தனித்தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் வெளியே போனால் இங்கே ஒருவர் உள்ளே வருவார். உள்ளே வருவதற்கு அது ஒன்றுதான் வழி. எத்தனை புள்ளி கிடைத்தது என்பது வேறு விஷயம். உங்கள் ரெய்டர் போனஸ் எடுத்தபோது எதிரணியில் யாராவது வெளியே போனார்களா? இல்லை. அதனால் இங்கேயும் யாரும் வரவில்லை. 3 பேர் சேர்ந்து பிடித்தபோது அங்கே வெளியே போனது அந்த ஒரு ரெய்டர். இங்கே உள்ளே வந்தது ஒருத்தி. களத்தில் 3 பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்ததற்காக ஒரு புள்ளி சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது புள்ளிப் பலகைக்குத்தான் போகும், வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதனால் லாபமில்லை.

யார் வருவது என்பதையும் கோச் தேர்ந்தெடுக்க முடியாது. அவுட் ஆன வரிசைப்படிதான் வரவேண்டும். கேப்டன் முதலில் அவுட், அதனால் முதலில் அவள். அடுத்த இடம் உங்கள் மகளுக்கு.

ரெண்டு பசங்க அப்பா:
பிள்ளையை முழு ஆட்டமும் உட்கார வைக்கிற கோச்சுகள் நிறைய இருக்கிறார்கள், கேட்டுத்தான் ஆகணும். என் பெரியவனுக்கும் இப்படித்தான். போன மாதம் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தான், நானே கண்ணால் பார்த்தேன். புள்ளி தரவில்லை. கத்தினேன், என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்கள்.

பழைய கார்னர்:
சார், அவர் கேட்டது அதுவல்ல. கோச் யாரையும் உட்கார வைக்கவில்லை. சரி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் வைத்த காலைப் பார்த்தீர்கள். பின்னங்கால் எங்கே இருந்தது?

ரெண்டு பசங்க அப்பா:
பின்னங்கால் தரையில்தான் இருந்திருக்கும். நிற்க வேண்டாமா?

பழைய கார்னர்:
அங்கேதான் போனது. ஒரு கால் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் பதியும்போது மற்றக் கால் காற்றில் இருக்கணும். பிள்ளைகள் பயத்தில் பின்னங்காலை ஊன்றிக்கொண்டு முன்காலை மட்டும் நீட்டுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் கோட்டைத் தாண்டியது மாதிரிதான் தெரியும். நடுவர் பார்ப்பது பின்னங்காலை. இன்னொன்று, எதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணினீர்களா? 6 அல்லது 7 பேர் இருந்தால்தான் போனஸ் உண்டு. 5 பேர் நிற்கும்போது அந்தக் கோட்டைப் பத்துத் தடவை தாண்டினாலும் ஒன்றும் கிடையாது.

கபடிப் பைத்தியம்:
சூப்பர் டேக்கிள் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டூ ஆர் டைக்குப் பதில் சொல்லவில்லையே. டிவியில் ஒரு குறிப்பிட்ட ரெய்டரைக் காட்டி, இவர் டூ ஆர் டை ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்களே?

ஸ்கோர் மேசை:
நீங்கள் சொல்வதிலேயே பதில் இருக்கிறது. ரெய்டரின் சொந்தக் கணக்காக இருந்தால், சும்மா வந்தவர்தானே திரும்பப் போகணும்? ஸ்பெஷலிஸ்ட்டை எப்படி அனுப்ப முடியும்? கணக்கு அணிக்கு. ஓர் அணி அடுத்தடுத்து இரண்டு ரெய்டில் புள்ளி எதுவும் இல்லாமல் திரும்பினால், அந்த அணியின் மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை. போவது யாராக இருந்தாலும் சரி. நடுவில் எதிரணி வந்து போவது இந்த எண்ணிக்கையைக் கலைக்காது. அந்த இரண்டில் ஒன்றில் நம் ரெய்டர் பிடிபட்டிருந்தால் அது சும்மா வந்த ரெய்டு ஆகாது, எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

நிலா அம்மா, கேப்டனுக்கு முன்னால் உங்கள் அணி போன இரண்டு ரெய்டு எப்படி முடிந்தது?

நிலா அம்மா:
மகளிடம் கேட்டேன். அவள் ஒவ்வொரு அவுட்டையும் வரிசையாகச் சொல்கிறாள். போனஸுக்கு அப்புறம் இரண்டு ரெய்டிலும் சும்மாதான் திரும்பினார்களாம். போனது வேறு வேறு பெண்கள். சூப்பர் டேக்கிள் நடுவில் வந்தது.

ஸ்கோர் மேசை:
அப்படியென்றால் நடுவர் சரி. பிடித்து எடுத்த 2 புள்ளி எதிரணி ரெய்டில் வந்தது, உங்கள் ரெய்டுக் கணக்கில் அது சேராது. மூன்றாவதாகப் போனவள் தொட்டோ போனஸ் எடுத்தோ வரவேண்டும். எதுவும் இல்லாமல் வந்தால் பிடிபட்டதற்குச் சமம். அவள் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி, அவர்களில் ஒருத்தி உள்ளே. அதாவது நீங்கள் கஷ்டப்பட்டுப் பிடித்த அதே ரெய்டர் எழுந்து வந்திருப்பாள்.

பழைய கார்னர்:
எனக்கு நடுவர்மேல் கோபமில்லை, பெஞ்சில் இருந்தவர்மேல்தான். எதிரணி ரெய்டர் பிடிபட்டதால் அங்கே 6 பேர் நின்றிருக்கிறார்கள். 6 பேர் என்றால் போனஸ் திறந்திருக்கிறது! கேப்டன் சும்மா திரும்பினால் எதிரணிக்கு 1, நமக்கு 0, அவள் அவுட். போனஸுக்குக் காலை விட்டு, அதற்கப்புறம் பிடிபட்டிருந்தாலும் எதிரணிக்கு 1, நமக்கும் 1, அவள் அவுட். எப்படியும் அவுட் என்றால் அந்த ஒன்றையாவது வாங்கிக்கொண்டு போகலாமே. டூ ஆர் டையில் பத்திரமாகத் திரும்புவது என்று ஒன்று கிடையாது. இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் தப்பித்து வந்ததாக நினைத்துச் சிரித்திருப்பாள், பாவம்.

ஒரே எச்சரிக்கை, போனஸை முதலில் எடுக்கணும். அவர்கள் கணுக்காலைப் பிடித்த பிறகு இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினால் அது போனஸ் ஆகாது.

மூச்சுக்கட்டு:
நான் இந்த விதியே பிள்ளைகள் ஆட்டத்துக்கு வேண்டாம் என்கிற கட்சி. நான் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்றாவது ரெய்டு என்று அறிவித்ததும் 12 வயதுப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிடும். இருக்கிற 30 வினாடியில் முதல் பத்தை நடுங்கியே கழிப்பான், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கார்னர்மேல் பாய்வான். முட்டி, தோள் எல்லாம் அந்த ரெய்டில்தான் அடிபடுகிறது. முதலில் காலும் மூச்சும் பழகட்டும். சில உள்ளூர்ப் போட்டிகளில் இந்த விதி இல்லாமலே ஆடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பெற்றோர் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்கோர் மேசை:
விதி இல்லாத ஆட்டங்களுக்கும் நான் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். முன்னிலையில் இருக்கிற அணி என்ன செய்யும்? ரெய்டர் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைனைத் தாண்டிக் காலை வைத்துவிட்டுத் திரும்பும். மறுபடி போகும், திரும்பும். ஒரு பாதிக்கு 15 நிமிஷம் என்றால் கடைசி ஐந்து நிமிஷம் வெறும் பாட்டுத்தான் கேட்கும். பின்தங்கிய அணி பிடிக்கலாம் என்று பார்த்தால் பிடிக்கிற தூரத்துக்கு யாருமே வரமாட்டார்கள்.

நிலா அம்மாவின் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள், களத்தில் 3 பேர். எதிரணி கெட்டிக்கார அணி என்றால் சூப்பர் டேக்கிளுக்குப் பயந்து ஒதுங்கியே ஆடும். மூன்றாவது ரெய்டில் மட்டும்தான் அவர்கள் உள்ளே வந்தே ஆகணும். எதிரே 3 பேர்தான், போனஸும் கிடையாது, தொட்டே ஆகவேண்டும். அந்த 3 பிள்ளைகள் காத்திருப்பதே அதற்குத்தான். டூ ஆர் டையை எடுத்துவிட்டால் சூப்பர் டேக்கிளுக்கு ஆளே வரமாட்டார்கள்.

மூச்சுக்கட்டு:
பெரியவர்கள் ஆட்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி. 12 வயதில் எந்த அணி அவ்வளவு திட்டம் போட்டு ஆடுகிறது? நேரம் கடத்துவதைத் தடுக்கணும் என்றால் நடுவர் எச்சரிக்கலாம்.

ஸ்கோர் மேசை:
எச்சரித்தால் இன்னும் அரை அடி உள்ளே போய்த் திரும்புவார்கள். நான் பார்க்காததா.

கபடிப் பைத்தியம்:
ஒரு சந்தேகம். 3 பேராக இருக்கும்போது காத்திருந்து பிடிப்பது நல்லதா, இல்லை சீக்கிரம் ஆல் அவுட் ஆகி 7 பேரோடு புதிதாகத் தொடங்குவது நல்லதா? எங்கள் பக்கம் சிலர் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

பழைய கார்னர்:
ஆல் அவுட் ஆனால் எதிரணிக்கு அந்த அவுட் புள்ளிகளுக்கு மேலே 2 கூடுதல். பாதி முடிய நிறைய நேரம் இருந்து, நல்ல ரெய்டர்கள் வரிசையில் கடைசியில் மாட்டிக்கொண்டிருந்தால் யோசிக்கலாம். நான் அப்படி ஆடமாட்டேன். என்னோடு ஆடியவர்களில் பாதிப்பேர் ஆடுவார்கள்.

நிலா அம்மா:
எல்லாருக்கும் நன்றி. கேப்டன் அவுட் ஆனதற்கு அப்புறம் நடந்தது இப்போதுதான் புரிகிறது. எதிரணிப் பெண் ஒருத்தி வந்து இரண்டு பேரைத் தொட்டுவிட்டுப் போனாள். எங்கள் பக்கம் மிஞ்சிய ஒருத்தி ரெய்டு போய் மாட்டிக்கொண்டாள். உடனே எங்கள் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து களத்துக்குள் ஓடினார்கள், என் மகளும்தான். நான் எழுந்து நின்று கைதட்டினேன். எங்கள் பக்கத்தில் வேறு யாருமே தட்டவில்லை. எதிரணிப் பெற்றோர்கள் மட்டும் என்னோடு சேர்ந்து தட்டினார்கள்.