பென் டூல் போடும் கோட்டுக்குப் பெயர்: பாதையா, தடமா, வரைதடமா?

பூங்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படத்திருத்த மென்பொருள் ஒன்றின் பட்டிகளைத் தமிழாக்கி வருகிறேன். ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் கருவிகளில் வந்து நிற்கிறேன். Quick Selection கருவிக்கு ‘விரைவுத் தேர்வு’, Select Subject கட்டளைக்குப் ‘பொருள் தேர்வு’, பென் டூலால் சுற்றி வரைவதற்குப் ‘பேனாப் பாதைத் தேர்வு’ என்று வைத்திருக்கிறேன். மூன்றிலும் ‘தேர்வு’ வருவதால் பார்க்கச் சீராக இருக்கிறது. ஆனால் ஃப்ரிட்ஜ், பீரோ, மேசை மாதிரி விளிம்பு கறாராக இருக்கும் பொருள்களுக்கு எதைக் கையில் எடுப்பது என்பதைப் பெயரே கொஞ்சமாவது உணர்த்த வேண்டும் என்பது என் ஆசை. அது நடக்கவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

மாறன் எழுதியது:

அக்கா, பாதை என்றால் கோப்பு இருக்கும் இடம்தானே? அதைப் பேனாவோடு ஏன் சேர்க்க வேண்டும்? ‘கோப்புப் பாதை’ என்பது நன்றாகப் பழகிவிட்டது. அதை மாற்ற வேண்டாம்.

சண்முகம் எழுதியது:

மாறன், பூங்கொடி கேட்பது கோப்புப் பாதையை அல்ல. படத்தின் மேல் பென் டூல் போடும் கோட்டை. ஆனால் நீங்கள் தவறிப் படித்ததே ஒரு நல்ல சான்று. ‘பாதையைச் சேமி’ என்று பட்டியில் இருந்தால் யாரும் கோப்புறையைத்தான் நினைப்பார்கள். ஆகவே பாதை வேண்டாம்.

என் வேலையே பொருள்களை வெட்டி எடுப்பதுதான். பெயருக்கு உதவும் என்பதால் போன வாரம் செய்த ஒரு படத்தைச் சொல்கிறேன். எவர்சில்வர் நிற ஃப்ரிட்ஜ், பின்னால் வெளிர்சாம்பல் சுவர். படத்தின் உயரம் 4000 பிக்சல்.

முதலில் விரைவுத் தேர்வை ஓட்டினேன். வலப்பக்கம் கச்சிதமாக நின்றது. இடப்பக்கக் கதவில் சுவரின் பிரதிபலிப்பு விழுந்து, கதவும் சுவரும் ஒரே நிறமாக இருந்தன. அங்கே தேர்வு சுவருக்குள் வழிந்துவிட்டது. Alt அழுத்திக் கழித்தால் கதவையும் சேர்த்துக் கடித்தது. அந்தக் கருவி நிற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. வேறுபாடு இல்லாத இடத்தில் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் Select Subject. ஒரே சொடுக்கில் ஃப்ரிட்ஜ் முழுக்க வந்தது. ஆனால் அடியில் இருக்கும் கறுப்புப் பட்டையோடு தரையில் விழுந்த நிழலும் ஒட்டிக்கொண்டு வந்தது. நேர்விளிம்பும் நேராக இல்லை. கீழே ஒரு லேயரை முழுக் கறுப்பாகவும், பிறகு முழு வெள்ளையாகவும் வைத்து 200 விழுக்காட்டில் பார்த்தால் தெரிந்துவிடும்: கதவு ஓரம் எலி கொறித்த மாதிரி மேடு பள்ளமாக இருந்தது. முடி, துணி மாதிரி மென்மையான விளிம்பில் இந்தத் தடுமாற்றம் கண்ணில் படாது. இரும்புப் பெட்டியில் உடனே படும்.

கடைசியில் பென் டூலால் வரைந்தேன். பிரதிபலிப்பு விளிம்பை மறைத்த இடத்தில் மேலும் கீழும் தெரிந்த பகுதிகளை ஒரே நேர்கோட்டில் இணைத்தேன். கதவு நேரானது என்பது எனக்குத் தெரியும். படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெயர் இங்கேதான் பிரிய வேண்டும். முதல் இரண்டும் படத்தில் தெரியும் விளிம்பைத் தேடித் தேர்கின்றன. பென் டூல், பொருளுக்கு இருக்கும் விளிம்பை நம் கையால் வரையச் செய்கிறது. அதைத் ‘தேர்வு’ என்று அழைத்தால் வேலை செய்பவருக்குத் தவறான எண்ணம் வரும். ‘வரைதடம்’ என்று வைக்கலாம். வரை என்பதில் வரைதலும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. தேர்வாக மாற்றுவது அதற்கு அடுத்த படி.

கதிரவன் எழுதியது:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு பாடு எதற்கு? விரைவுத் தேர்வு எடுத்து, பிறகு Make Work Path கொடுத்தால் அதுவே கோடாக மாறிவிடுமே. அப்படியென்றால் தேர்வும் வரைதடமும் ஒன்றின் இரண்டு வடிவங்கள்தான். தனிச்சொல் தேவையா?

சண்முகம் எழுதியது:

தம்பி, மாறும் என்பது உண்மைதான். சோபா மெத்தை மாதிரி உருண்டையான பொருளுக்கு நானும் அப்படித் தொடங்கியிருக்கிறேன். ஆனால் அதே ஃப்ரிட்ஜில் செய்து பார்த்தேன். Tolerance மதிப்பு 2 வைத்தபோது நேர்விளிம்பு முழுக்கப் புள்ளிகள் முளைத்தன. சுவருக்குள் வழிந்த பகுதியும் அப்படியே கோடாக வந்தது. 0.5 வைத்தால் பிக்சல் படிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குகிறது. 5 வைத்தால் மூலை மழுங்குகிறது. தேர்வில் இருந்த பிழையை அது வேறு உருவில் தருகிறதே தவிர, தீர்ப்பதில்லை.

கையால் வரைந்தால் நான்கு மூலைக்கு எட்டுப் புள்ளி போதும். மூலையின் நுனியில் புள்ளி வைக்கக் கூடாது. நேர்கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று, வளைவு முடியும் இடத்தில் ஒன்று. இரண்டின் கைப்பிடிகளையும் நேர்விளிம்பின் திசையிலேயே, வளைவின் ஆரத்தில் பாதிக்குச் சற்று மேல் நீட்டினால் மூலை சரியாக உட்காரும். கோடு விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே ஓடட்டும். இல்லாவிட்டால் சுவரின் சாம்பல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டு மூலைக்கும் கோடு இழுத்தும் நடுவில் விளிம்பு கோட்டை விட்டு வெளியே புடைத்தால், கை தவறவில்லை. லென்ஸ் படத்தைப் பிதுக்கியிருக்கிறது. கோட்டை வளைத்துச் சமாளித்தால் வெள்ளைப் பின்னணியில் ஃப்ரிட்ஜ் பீப்பாய் மாதிரி தெரியும். லென்ஸ் திருத்தத்தை முதலில் செய்துவிட்டுத்தான் வரைய வேண்டும்.

இன்னொன்று, இந்தப் புள்ளியைச் சிலர் ‘நங்கூரப் புள்ளி’ என்கிறார்கள். கப்பல் எதற்கு? மூங்கிலில் நேர்த்தண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குக் கணு என்று நம்மிடம் சொல் இருக்கிறது. ‘கணு’ என்றால் எங்கே வைப்பது என்பதும் சேர்ந்தே புரியும்.

ரெஜினா எழுதியது:

எனக்கு வருவது பெரும்பாலும் நாற்காலிகள்தான். முதுகில் பத்துக் கம்பி, நடுவே ஒன்பது இடைவெளி. Select Subject பாதி இடைவெளியை அடைத்துவிடும், மெல்லிய கால் ஒன்றை விட்டுவிடும். வெளிக்கோட்டை வரைந்த பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் தனியாக வரைந்து கழிக்கிறேன். அந்த உள்கோட்டுக்கும் வரைதடம்தானா, வேறு சொல் உண்டா? வேலையில் ‘ஓட்டை போடு’ என்றுதான் சொல்கிறோம்.

சண்முகம் அண்ணா சொன்னதில் ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. படம் 400 பிக்சலில் சின்னதாகத்தான் வரப்போகிறது என்றால், அதுவும் ஒரே நாளில் நூறு படம் என்றால், Select Subject எடுத்துக் காலை மட்டும் கையால் திருத்தி அனுப்பிவிடுவேன். அந்த அளவில் கொறித்த விளிம்பு தெரிவதில்லை.

சண்முகம் எழுதியது:

சின்ன அளவுக்கு அது சரிதான் ரெஜினா. ஆனால் அதே படத்தைப் பிறகு பெரிதாகக் கேட்பார்கள். அப்போது மறுபடி முதலிலிருந்து வெட்ட வேண்டும். எனக்கு அது பலமுறை நடந்திருக்கிறது. ஓட்டைக்கு ‘உள்தடம்’ என்று வைக்கலாமா?

பூங்கொடி எழுதியது:

வரைதடம், கணு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். உள்தடம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ‘ஓட்டை’ என்று சொல்பவர்கள் தேடினால் கிடைக்க வேண்டும். விளக்கத்தில் அந்தச் சொல்லையும் சேர்ப்பேன்.

Select Subject இன்னும் நெருடுகிறது. ‘பொருள்’ என்றால் அர்த்தமும் ஆகிறது. மனிதரைத் தேர்ந்தெடுக்கும்போது அவரைப் பொருள் என்பதும் பொருந்தவில்லை. ‘முதன்மை உருத் தேர்வு’ நீளம், பொத்தானில் அடங்காது. ‘உருத் தேர்வு’ என்று சுருக்கினால், Object Selection என்று பக்கத்திலேயே இன்னொரு கருவி இருக்கிறதே, அதற்கு என்ன வைப்பது?

மாறன் எழுதியது:

இப்போது புரிந்தது அக்கா. ‘தன்தேர்வு’ எப்படி? கருவி தானாகத் தேர்கிறது.

கதிரவன் எழுதியது:

நாமே தேர்வது என்றும் படிக்கலாமே, மாறன்.