மார்க் 2 அடிபம்பு: நிறுத்தினால் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது. எதைக் கழற்றுவது?

செல்வி: எங்களுடையது இந்தியா மார்க் 2. கொஞ்ச நேரம் சும்மா விட்டால், இருபது அடி அடித்த பிறகுதான் தண்ணீர் தலைகாட்டுகிறது. வந்தாலும் வரத்து குறைவு. காலையில் முதல் குடம் துருநிறம், அப்புறம் தெளிந்துவிடும். ஃபுட் வால்வா, லெதர் வாஷரா?

குமரன்: மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடியுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் தோல் காய்ந்தால் அதுதான் வைத்தியம்.

பழனி: தம்பி, உங்களுடையது உறிஞ்சு பம்பு, வாஷர் மேலேயே இருக்கும். மார்க் 2-ல் சிலிண்டர் போருக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கே தோல் எப்படிக் காயும்?

ரவி: தண்ணீர் இறங்குகிறதென்றால் ஃபுட் வால்வுதான். ரப்பரை மாற்றுங்கள், முடிந்தது.

பழனி: பாதி சரி. குழாயில் ஓட்டை இருந்தாலும் இறங்கும். செல்வி, எத்தனை முறை அடித்தால் தண்ணீர் வருகிறதென்று அரை மணி நேரம் விட்டு எண்ணுங்கள், ராத்திரி முழுக்க விட்டும் எண்ணுங்கள். போரில் தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது?

செல்வி: அரை மணிக்கு 20, காலையில் 22. தண்ணீர் 25 மீட்டரில்.

பழனி: அப்படியானால் முதல் சந்தேகம் குழாய்மேல். ஃபுட் வால்வு ஒழுகினால் நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே போயிருக்கும், காலையில் ஐம்பது முறைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. ஒரு முறை அடித்தால் சுமார் 0.4 லிட்டர், 20 முறைக்கு 8 லிட்டர். 32 மி.மீ. குழாயில் ராடு போக மீட்டருக்கு 0.9 லிட்டர்தான் பிடிக்கும். ஆக, ஒன்பது மீட்டர். தேய்ந்த வாஷர் அடிக்கு அடி கொஞ்சம் நழுவவிடும் என்பதால் ஓட்டை அதற்கும் மேலேதான். மேலிருந்து முதல் மூன்று குழாய்களின் மரையைப் பாருங்கள். மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

தூக்கும்போது சாக்கெட்டுக்குக் கீழே கிளாம்ப் போடாமல் விடாதீர்கள். இற்றுப்போன மரை முறிந்தால் மிச்சமெல்லாம் போருக்குள் போய்விடும்.

ரவி: சரி, அப்போ வால்வைத் தொடவே வேண்டாமா?

பழனி: சிலிண்டர் மேலே வந்தபின் தொடாமல் விடுவாரா யாராவது? நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால் வால்வு ஒழுகுவது தெரிந்துவிடும். லெதர் வாஷரின் விளிம்பு காகிதம்போல் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். புதியதை ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணத்தின் வாய் மேலே பார்க்கப் போடுங்கள், மேலே நிற்கும் தண்ணீர் அதை விரித்துச் சுவரோடு அழுத்தும். பித்தளை உறையில் விரல் நகம் சிக்கும் கீறல் இருந்தால் புது வாஷரும் நிலைக்காது.

செல்வி: மூன்றாவது சாக்கெட்டுக்கு மேலே மரை ஓரத்தில் ஒரு துளை, பென்சில் நுழையும். வாஷர் விளிம்பும் மெலிந்திருக்கிறது. வால்வு ஒழுகவில்லை. மறுபடியும் ஜி.ஐ. குழாயே போடலாமா?

பழனி: முதலில் தண்ணீரின் பி.எச். பாருங்கள். 6.5-க்குக் கீழே என்றால் பூச்சு நிற்காது, இதே கதைதான்.

ரவி: பிளாஸ்டிக் குழாய் போடுங்களேன்.

பழனி: துருப்பிடிக்காதுதான். ஆனால் ராடு உரசும், இணைப்பு தாங்குமா என்பது என் சந்தேகம். துருப்பிடிக்காத எஃகு நல்லது, விலைதான் இடிக்கும்.