லோடே இல்லாமல் மாஸ்ஃபெட் சுடுகிறது: ஹாஃப் பிரிட்ஜில் டெட் டைம் எவ்வளவு வைக்க வேண்டும்?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். தேவனாம்பட்டினத்தில் சித்தப்பாவின் ஃபைபர் போட்டில் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சோலார் பேனலிலிருந்து அதற்கு சார்ஜ் ஏற்ற ஒரு பக் கன்வெர்ட்டர் கட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்று ஐஆர்எஃப் 3205, டிரைவர் ஐஆர் 2110. ஆர்டுயினோ நானோவின் 9ஆம் பின்னிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் எடுத்து மேல் இன்புட்டுக்கு நேராகக் கொடுக்கிறேன், அதே சிக்னல் ஒரு பிசி 547 வழியாகத் தலைகீழாகக் கீழ் இன்புட்டுக்குப் போகிறது.

பேனல் இன்னும் மாட்டவில்லை, மேசையில் 24 வோல்ட் பவர் சப்ளையில்தான் ஓட்டுகிறேன், பேட்டரியும் மாட்டவில்லை. அப்படியும் சப்ளை 0.3 ஆம்பியர் காட்டுகிறது, ஹீட் சிங்க் இருந்தும் ஒரு நிமிடத்துக்குள் இரண்டையும் தொட முடியவில்லை. கேட் ரெசிஸ்டரை 10 ஓமிலிருந்து 22க்கு மாற்றினால் சூடு குறையும் என்று ஒருவர் சொன்னார், மாற்றியதும் கூடத்தான் செய்தது. சப்ளையில் கரண்ட் லிமிட் 1 ஆம்பியர் வைத்திருக்கிறேன், அது இருக்கும்போதே மாஸ்ஃபெட் போகிறது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

வில்லியனூர் ஒயர்மேன்

பேட்டரியிலிருந்து கரண்ட் திரும்பி வருகிறது தம்பி. ராத்திரி பேனல் இருட்டில் இருக்கும்போது இப்படித்தான் ஆகும். பேனல் லைனில் ஒரு பிளாக்கிங் டயோடு போட்டுப் பாருங்கள்.

கெடிலக்கரை

அண்ணா, இப்போது பேட்டரியே மாட்டவில்லை. பேனலும் இல்லை. மேசையில் வெறும் சப்ளைதான்.

சால்டர் பாண்டி (புதுச்சேரி)

இது ஷூட் த்ரூ. மேலும் கீழும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிறது. ஒவ்வொரு கேட் ரெசிஸ்டருக்கும் குறுக்கே ஒரு 4148 டயோடு போடுங்கள், கோடு உள்ள முனை டிரைவர் பக்கம். ஆஃப் ஆவது வேகமாகும், ஆன் ஆவது மெதுவாகவே இருக்கும், அந்த வித்தியாசமே டெட் டைம் ஆகிவிடும். ஆர்டுயினோ புரோகிராமில் எதையும் தொட வேண்டாம்.

உப்பனாறு

பாண்டி சொன்ன நோய் சரியாகத்தான் தெரிகிறது, மருந்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அது ஷூட் த்ரூதானா என்று உறுதி செய்துகொள்ளலாம். இந்த சர்க்யூட்டில் லோடு இல்லாவிட்டாலும் இன்டக்டரில் கரண்ட் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் கொஞ்சம் சூடாக்கும். அதனால் இன்டக்டரின் ஒரு காலைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அப்போது மாஸ்ஃபெட்டின் சொந்த கெபாசிட்டன்ஸை நிரப்ப மட்டும்தான் கரண்ட் வேண்டும், 24 வோல்ட்டில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு அது ஒரு மில்லிஆம்பியர் அளவுதான். அப்புறம் ஃப்ரீக்வென்சியைப் பாதியாக்கி மறுபடி பாருங்கள். இரண்டு அளவையும் சொல்லுங்கள். நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம், சில விநாடி போதும்.

கெடிலக்கரை

சார், இன்டக்டர் இல்லாமல் 20 கிலோஹெர்ட்ஸில் 0.29 ஆம்பியர். 10 கிலோஹெர்ட்ஸில் 0.15.

உப்பனாறு

அப்போ சந்தேகமே இல்லை. ஃப்ரீக்வென்சி பாதியானதும் கரண்ட்டும் பாதியானது என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே அளவு சார்ஜ் மேலிருந்து கீழே கொட்டுகிறது என்று பொருள். 0.3 ஆம்பியரை 20,000ஆல் வகுத்தால் சுழற்சிக்கு 15 மைக்ரோகூலம். அது 50 மைக்ரோவிநாடி முழுவதும் பரவி ஓடவில்லை, இரண்டு மாஸ்ஃபெட்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஏறக்குறைய 250 நானோவிநாடியில் ஓடுகிறது. அப்படியானால் அந்தக் கணத்தில் 60 ஆம்பியர். உங்கள் மீட்டர் சராசரியைக் காட்டுவதால் 0.3 என்று சாதுவாகத் தெரிகிறது. 24 வோல்ட்டோடு பெருக்கினால் 7 வாட்டுக்கு மேல், அத்தனையும் இரண்டு மாஸ்ஃபெட்டுக்குள் சூடாகிறது.

கரண்ட் லிமிட் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டீர்களே, அந்த 60 ஆம்பியர் சப்ளையிலிருந்து வருவதில்லை. மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் மாதிரி ஒரு பஸ் கெபாசிட்டர் வைத்திருப்பீர்கள், அதிலிருந்துதான் வருகிறது. சப்ளை அதை நிதானமாக நிரப்பிக்கொண்டிருக்கும், லிமிட்டுக்கு விஷயமே தெரியாது. சூடு மட்டுமே கொல்வதும் இல்லை. 60 ஆம்பியர் 50 நானோவிநாடியில் நின்றால், ஒயரிலும் தடத்திலும் 30 நானோஹென்றி இருந்தாலே 36 வோல்ட் ஸ்பைக் எழும், 24 வோல்ட்டின் மேல் அது ஏறினால் 60, உங்கள் மாஸ்ஃபெட் தாங்குவதோ 55. ஒன்று ஷார்ட் ஆனதும் அடுத்த முறை மற்றது ஆன் ஆகும்போது கெபாசிட்டர் முழுக்க அதன் வழியே காலியாகும், அதனால்தான் ஜோடியாகப் போகும், பல சமயம் கேட் வழியாக 2110ஐயும் கூட்டிக்கொண்டு போகும். செத்ததை மீட்டரில் பார்த்தால் மூன்று காலும் ஒன்றோடொன்று பீப் அடிக்கும்.

இனி உங்கள் சர்க்யூட்டில் இது எங்கே நடக்கிறது என்று பார்க்கலாம். 3205 பெரிய மாஸ்ஃபெட், கேட் சார்ஜ் 146 நானோகூலம் வரை. ஆன் ஆக கேட் 3 வோல்ட்டைத் தாண்டினாலே தொடங்கிவிடும், 22 ஓமில் அதற்கு 20 நானோவிநாடிதான் ஆகும். ஆஃப் ஆக 12 வோல்ட்டிலிருந்து இறங்கி, நடுவில் ஐந்தாறு வோல்ட்டில் நின்று டிரெயின் சார்ஜைக் கரைத்துவிட்டு, பிறகுதான் மூடும், அதற்கு 300 நானோவிநாடி பிடிக்கும். இந்த வித்தியாசம்தான் மேலும் கீழும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம். ரெசிஸ்டரைக் கூட்டியதும் சூடு கூடியது ஏன் என்று இப்போது தெரியும். 2110 ஆன் சிக்னலை ஆஃப் சிக்னலைவிடச் சுமார் 25 நானோவிநாடி தாமதிக்கும், அதைத் தவிர டெட் டைம் என்று எதுவும் அதற்குள் கிடையாது.

பிசி 547ஐயும் கவனியுங்கள். அது சீக்கிரம் ஆன் ஆகும், ஆனால் சாச்சுரேஷனுக்குப் போனதால் ஆஃப் ஆக ஒரு மைக்ரோவிநாடி மாதிரி இழுக்கும். அதனால் மேலது அணைந்து கீழது எரியும் விளிம்பில் உங்களுக்கே தெரியாமல் டெட் டைம் கிடைக்கிறது. கீழது அணைந்து மேலது எரியும் விளிம்பில் கிடைக்கவில்லை, அங்கே கீழ் இன்புட் இறங்குவதே கொஞ்சம் தாமதம். நான் நினைப்பது, உங்கள் 15 மைக்ரோகூலமும் அந்த ஒரு விளிம்பில்தான் போகிறது.

முதுநகர்

எங்கள் வீட்டு இன்வெர்ட்டரும் கரண்ட் போய் வரும் நொடியில் டப் என்று வெடித்தது, மெக்கானிக் மாஸ்ஃபெட் எல்லாம் மாற்றினார், ஒரு வாரத்தில் மறுபடி வெடித்தது. அதுவும் இதே டெட் டைம் பிரச்சினையாக இருக்குமா சார்?

சால்டர் பாண்டி

சரி சார், அப்போ 2110ஐ எடுத்துவிட்டு ஐஆர் 2104 போட்டால் முடிந்தது. ஒரே இன்புட், 520 நானோவிநாடி டெட் டைம் உள்ளேயே இருக்கிறது. 547ஐயும் தூக்கிவிடலாம்.

உப்பனாறு

முதுநகர், ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டரில் டெட் டைம் திடீரென்று மாறாது, மாறும் நேரத்தில் மட்டும் வெடிப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம். சர்க்யூட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தனியாகப் படம் போட்டுக் கேளுங்கள்.

பாண்டி, 2104 நல்ல சிப், சின்ன மாஸ்ஃபெட்டுக்கு நானே பரிந்துரைப்பேன். ஆனால் கேட்டிலிருந்து இழுக்கும் கரண்ட் அதற்கு 0.36 ஆம்பியர் அளவுதான். 146 நானோகூலத்தை அந்த வேகத்தில் வெளியேற்ற 400 நானோவிநாடி ஆகும், 520ல் மிச்சம் 120தான். சூட்டிலும் பீஸுக்கு பீஸும் மாறும்போது அது எனக்குப் போதாது. டயோடும் அப்படித்தான். போட வேண்டும், ஓவர்லாப்பை நன்றாகக் குறைக்கும். ஆனால் 547 பக்க விளிம்பில் உத்தரவே தாமதமாக வருவதை அது சரிசெய்யாது.

நானோவிலேயே இரண்டு பின்னையும் தனித்தனியாக ஓட்டுங்கள். 547ஐக் கழற்றி, 9ஆம் பின் மேல் இன்புட்டுக்கு, 10ஆம் பின் கீழ் இன்புட்டுக்கு.

```
pinMode(9, OUTPUT);
pinMode(10, OUTPUT);
TCCR1A = _BV(WGM11);
TCCR1B = _BV(WGM13);
ICR1  = 400;
OCR1A = d;
OCR1B = d + 8;
TCCR1A = _BV(COM1A1) | _BV(COM1B1) | _BV(COM1B0) | _BV(WGM11);
TCCR1B = _BV(WGM13) | _BV(CS10);
```

கவுண்டர் 400 வரை ஏறி இறங்கும், 16 மெகாஹெர்ட்ஸில் அது 20 கிலோஹெர்ட்ஸ். d-க்குக் கீழே இருக்கும்வரை மேலது, d + 8-ஐத் தாண்டினால் கீழது, நடுவில் இரண்டும் ஆஃப். ஒரு எண்ணிக்கை 62.5 நானோவிநாடி, எட்டுக்கு 500. டியூட்டியைக் கூட்டும்போது முதலில் OCR1B, பிறகு OCR1A எழுதுங்கள், குறைக்கும்போது முதலில் OCR1A. இல்லையென்றால் இரண்டு எழுத்துக்கும் நடுவில் டைமர் புதுப்பித்துக்கொண்டால் ஒரு சுழற்சி இடைவெளி இல்லாமல் ஓடிவிடும். 2110இன் இரண்டு இன்புட்டிலும் கிரவுண்டுக்கு 10 கே போடுங்கள், நானோ ரீசெட் ஆகும்போது பின்கள் மிதக்கும்.

500ஐக் கண்டு தயங்க வேண்டாம். அந்த நேரத்தில் கரண்ட் கீழ் மாஸ்ஃபெட்டின் பாடி டயோடு வழியே போகும், 5 ஆம்பியரில் ஏறக்குறைய ஒரு வோல்ட் விழும். இரண்டு விளிம்பும் சேர்த்து நேரத்தில் 2 சதவீதம், நஷ்டம் 0.1 வாட். 200 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் அதுவே 1 வாட் ஆகும், அப்போது குறைக்க யோசிக்கலாம்.

மாட்டுவதற்கு முன் ஸ்கோப்பில் பாருங்கள். 24 வோல்ட்டைக் கழற்றி, பஸ் கெபாசிட்டரைக் காலி செய்து, டிரைவருக்கு 12 மட்டும் கொடுத்தால் மேல் சோர்ஸும் ஜீரோவில் இருக்கும், இரண்டு கேட்டையும் கிரவுண்டை வைத்தே பார்த்துவிடலாம். 24 இருக்கும்போது கிரவுண்ட் கிளிப்பை நடு முனையில் மாட்டிவிடாதீர்கள், எர்த் வழியே அது ஷார்ட். பஸ் இல்லாமல் பார்க்கும் ஆஃப் நேரம் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அதற்கு இடம் விடுங்கள்.

கெடிலக்கரை

செய்துவிட்டேன் சார், டயோடும் போட்டேன். 24 இல்லாமல் பார்த்ததில் இரண்டு விளிம்பிலும் இடைவெளி தெளிவாகத் தெரிகிறது. 24 கொடுத்து, இன்டக்டர் இல்லாமல், சப்ளை 0.00 காட்டுகிறது, மாஸ்ஃபெட் சில்லென்று இருக்கிறது. இன்டக்டர் மாட்டி 12 வோல்ட் பல்பை லோடாக வைத்து ஓட்டினால் மேலது மட்டும் இன்னும் வெதுவெதுப்பாகிறது. அதோடு மேலது ஆன் ஆகும் கணத்தில் கீழ் கேட்டில் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புடைப்பு. டெட் டைமை 8லிருந்து 16 ஆக்கியும் அது மாறவில்லை.

உப்பனாறு

மாறாது. மேலது ஆன் ஆகும்போது கீழது ஏற்கெனவே ஆஃப்தான், ஆனால் அதன் டிரெயின் ஒரே தாவலில் 24க்கு ஏறுகிறது, டிரெயினுக்கும் கேட்டுக்கும் நடுவில் உள்ள கெபாசிட்டன்ஸ் கேட்டையும் தூக்கிவிடுகிறது. 3205 சூட்டில் 2 வோல்ட் சுற்றியே திறக்க ஆரம்பிக்கலாம், அப்படித் திறந்தால் அதுவும் ஷூட் த்ரூதான், எவ்வளவு டெட் டைம் வைத்தாலும் போகாது. பாடி டயோடு மூடிக்கொள்ள எடுக்கும் நேரத்திலும் மேலது ஒரு அடி வாங்கும், உங்கள் வெதுவெதுப்பில் எது எவ்வளவு என்று இங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புடைப்பு நிஜமா, புரோபின் நீளக் கிரவுண்ட் ஒயர் பிடித்த சத்தமா என்று முதலில் தெரிய வேண்டும். அந்த ஒயரைக் கழற்றி, புரோப் முனைக்குப் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் வளையத்துக்கும் கீழ் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலுக்கும் ஒரு சென்டிமீட்டர் கம்பியை வைத்துப் பாருங்கள். அப்படியும் 2 வோல்ட் என்றால் மேல் கேட் ரெசிஸ்டரை மட்டும் 33 ஆக்கிப் படம் போடுங்கள். டயோடு இருப்பதால் ஆஃப் நேரம் கெடாது.

சால்டர் பாண்டி

கீழ் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்தால் புடைப்பு குறையாதா சார்?

உப்பனாறு

குறையலாம், ஆனால் கீழது ஆஃப் ஆகும் நேரமும் நீளும், அப்போ 8 போதுமா என்று மறுபடி அளக்க வேண்டும். முதலில் அந்தப் படம் வரட்டும்.